செப்டிக் டேங்க் கசடு: காய்ந்தால் மட்டும் உரமாகிவிடுமா?

"முப்பது வீடுகள், வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க், எல்லாம் ஒரே அளவு. வீட்டுக்கு ஐந்து பேர். கசடை வெயிலில் காயவைத்தாலே உரம்தான் என்கிறார் லாரிக்காரர். பக்கத்தில் காலி இடம் இருக்கிறது. ஆபத்தில்லாமல் எடுத்து மண்ணுக்குப் போடும்படி செய்ய முடியுமா?"

முடியும். ஆனால் காயவைப்பது பாதி வேலைதான். நன்றாகக் காய்ந்த கசடில் நாற்றம் இருக்காது, கையில் எடுத்தால் மண்ணைப் போல உதிரும். அதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று தோன்றிவிடும். உள்ளே உருளைப்புழுவின் முட்டைகள் உயிரோடு இருக்கும். நாக்குப்பூச்சி என்று சொல்கிறோமே, அதேதான். முட்டை ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. ஓடு தடித்தது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை காய்வதாலும் வெயிலாலும் குறைந்துவிடும். இந்த முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, கீரையோடோ குழந்தையின் விரலோடோ வாய்க்குள் போனதும் பொரிக்கும். ஆகவே கசடு எவ்வளவு காய்ந்தது என்று பார்ப்பதை விட, முட்டை செத்ததா என்று பார்ப்பதுதான் முக்கியம். உங்கள் டேங்க் ஒன்றின் கசடைத் தொட்டியிலிருந்து மண் வரை பின்தொடர்ந்து சொல்கிறேன்.

அளவு நீங்கள் சொல்லவில்லை. உள்நீளம் 2 மீட்டர், அகலம் 1.2 மீட்டர், நீர் நிற்கும் ஆழம் 1.25 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். 3,000 லிட்டர் பிடிக்கும். ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் கசடு அடியில் சேரும் என்பது திட்டமிடுவதற்குப் பயன்படும் கணக்கு. ஐந்து பேருக்கு 200 லிட்டர். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,000 லிட்டர், கசடாகிவிட்டால் எடுத்துவிட வேண்டும். ஆக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. முப்பது வீடுகளையும் வரிசையாக வைத்தால் ஆண்டுக்கு ஆறு டேங்க். இந்த எண்ணிக்கையைப் பின்னால் பயன்படுத்தப் போகிறோம்.

கணக்கு கணக்குதான், அளந்து பார்ப்பதே நிச்சயம். இரண்டரை மீட்டர் நீளக் கம்பு ஒன்றின் கீழ்ப் பாதியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். தண்ணீர் வெளியேறும் குழாய்க்குப் பக்கத்து மூடியைத் திறந்து, காற்று வரும் பக்கம் நின்றுகொண்டு, கம்பை அடி தட்டும் வரை மெல்ல இறக்குங்கள். சில நிமிடம் விட்டு, கம்பை ஒரு சுற்று திருப்பி, ஆட்டாமல் மேலே எடுங்கள். கசடு இருந்த உயரம் வரை துணியில் கருப்பாக ஒட்டியிருக்கும். அதற்கு மேலே வெறும் அழுக்குத் தண்ணீரின் நிறம். எல்லைக்கோடு தெளிவாகவே தெரியும். கருப்பு 40 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் லாரியைக் கூப்பிடும் நேரம். அளக்கும்போது தீக்குச்சி, பீடி எதுவும் பக்கத்தில் கூடாது, உள்ளே மீத்தேன் இருக்கும். குனிந்து எட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

நடுவில் ஒன்று. டேங்கில் ஊற்றினால் கசடே கரைந்துவிடும் என்று பாக்டீரியாப் பொடி விற்பார்கள். தொட்டிக்குத் தேவையான பாக்டீரியா தினமும் மலத்தோடு தானாகவே வந்துகொண்டிருக்கிறது. பொடி ஊற்றுகிறோமே என்று எடுக்காமல் விட்டால் கசடு தண்ணீரோடு வெளியேறி உறிஞ்சுகுழியை அடைத்துவிடும். அடைத்த குழியைச் சரிசெய்வது டேங்கைக் காலி செய்வது போல எளிதல்ல.

சரி, லாரி வந்துவிட்டது. இந்த இடத்தில் ஒரே ஒரு விதி, அதற்கு விலக்கே கிடையாது: தொட்டிக்குள் ஆள் இறங்கக்கூடாது. காலியான பிறகும் கூடாது, அடியில் ஒரு வாளிக் கசடுதான் மிச்சம் என்றாலும் கூடாது, உள்ளே விழுந்த கைப்பேசியை எடுக்கவும் கூடாது.

காரணத்தைத் தெரிந்துகொண்டால்தான் விதி மனத்தில் நிற்கும். அடிக்கசடில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு கரைந்தும் குமிழாகவும் அடைபட்டிருக்கும். அசையாமல் இருக்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளிவரும். குழாயால் கலக்கினால், கம்பால் கிளறினால், காலால் மிதித்தால் ஒரே நேரத்தில் குப்பென்று கிளம்பும். காற்றை விடக் கனமானது என்பதால் தொட்டியை விட்டு எளிதில் வெளியேறாது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு 100 பிபிஎம்மை, அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கை, எட்டினால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்' என்று நினைப்பது அப்போதுதான். 700 பிபிஎம்முக்கு மேலே போனால் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். கத்தக்கூட நேரம் இருக்காது. விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரைத் தூக்க மூன்றாமவர். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாவது பெரும்பாலும் இப்படித்தான். முகத்தில் கட்டும் துணியும் தூசி முகமூடியும் வாயுவைத் தடுக்காது. வடிகட்டி வைத்த முகமூடிகூட ஆக்ஸிஜன் தராது. உள்ளே குறைவாக இருப்பதே அதுதான். யாராவது தவறி விழுந்துவிட்டால் வெளியில் இருந்து கயிறு, காற்று ஊதும் இயந்திரம் மூலம் காற்று, உடனே தீயணைப்புப் படை. இன்னொருவர் இறங்குவது உதவி ஆகாது.

இறங்காமல் எப்படி முழுவதும் எடுப்பது? மூடிகள் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் திறந்து அரைமணி நேரம் காற்றாட விடுங்கள். சுற்றிக் கயிறு கட்டி, குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் தள்ளி வையுங்கள். மேலே மிதக்கும் கெட்டி ஆடையை வெளியில் நின்றபடி நீளக் கம்பால் உடைத்துவிட்டு உறிஞ்சு குழாயை இறக்க வேண்டும். முதலில் மேல்தண்ணீர் சுலபமாக வந்துவிடும். தண்ணீர் போனதும் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பும் லாரிகள் உண்டு. அடியில் 30 சென்டிமீட்டர் அப்படியே இருக்கும், இரண்டு வருடத்துக்குள்ளேயே மறுபடி கூப்பிட வேண்டி வரும். பல ஆண்டு எடுக்காத தொட்டியில் அடிக்கசடு களிமண் பதத்துக்கு இறுகியிருக்கும், குழாய்க்கு வராது. ஆளை இறக்கும் ஆசை வருவது இந்த இடத்தில்தான். லாரியில் ஏறிய தண்ணீரிலேயே சிறிதளவைத் திருப்பித் தொட்டிக்குள் வேகமாகப் பாய்ச்சினால் அந்த இறுகல் உடையும். அப்புறம் உறிஞ்சலாம். தேவைப்பட்டால் இன்னொரு முறை. இப்படிக் கலக்கும் நேரம்தான் வாயு அதிகம் கிளம்பும் நேரம், அதனால் எல்லோரும் திறப்பை விட்டு நான்கைந்து அடி தள்ளி, காற்று வரும் பக்கமாக நிற்க வேண்டும். லாரியின் வெற்றிட பம்ப் உள்ளே இழுத்த வாயுவைத் தன் புகைபோக்கி வழியாக வெளியே தள்ளும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அந்த வாய் ஆட்கள் இருக்கும் திசைக்கும் வீட்டு ஜன்னலுக்கும் எதிர்ப்புறம் இருக்கும்படி லாரியை நிறுத்தச் சொல்லுங்கள்.

வேலை செய்பவருக்கு முழங்கை வரை ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி, உடல் மூடும் உடுப்பு வேண்டும். குழாயைக் கழற்றும் நொடியில்தான் முகத்தில் தெறிக்கும், கண்ணாடி அதற்காக. டெட்டனஸ் ஊசியும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசியும் போட்டவரா, ஆண்டுக்கு ஒருமுறையாவது குடற்புழு மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்பதில் தவறில்லை.

எடுத்து முடித்ததும் தொட்டியை பிளீச்சிங் பவுடர், ஆசிட் போட்டுக் கழுவ வேண்டாம். அடியில் ஒட்டியிருக்கும் சிறிதளவு கசடு இருந்துவிட்டுப் போகட்டும். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடமென்றால் உடனே பாதியாவது தண்ணீர் நிரப்புங்கள். காலித் தொட்டியைச் சுற்றியுள்ள நீர் மேலே தூக்கும்; பிளாஸ்டிக் தொட்டிகள் நிலத்தை விட்டுக் கிளம்பிவிடுவதும், குழாய் இணைப்புகள் பிடுங்கிக்கொள்வதும் இதனால்தான். கடைசியாக மூடியை அசையாமல் பொருத்திச் சாந்து பூசுங்கள். விரிசல் விட்ட மூடியைத் திரும்பப் போடாதீர்கள், புதிதாக வார்த்துப் போடுங்கள்.

இனி காலி இடத்துக்கு வருவோம். ஒரு டேங்கிலிருந்து மேல்தண்ணீரும் கசடும் கலந்து 3,000 லிட்டர் வரும். பார்க்க அடர்த்தியாகத் தெரிந்தாலும் அதில் திடப்பொருள் நூற்றுக்கு இரண்டு என்ற அளவில்தான் இருக்கும், அதாவது 60 கிலோ. மீதியெல்லாம் தண்ணீர். தண்ணீரைப் பிரிப்பதே முதல் வேலை. அதற்கு மணல் படுகை ஒன்று வேண்டும்.

கசடை 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு விடலாம் என்று வைத்தால் 3 கன மீட்டருக்கு 12 சதுர மீட்டர் தேவை. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். தரையைச் சிமென்ட் போட்டு நடுவை நோக்கிச் சரிவாக அமைத்து, நடுவில் துளையிட்ட குழாய் பதிக்க வேண்டும். அதன் மேல் பெரிய ஜல்லி, அதன் மேல் சிறு ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேலே கழுவிய மணல் 20 முதல் 30 சென்டிமீட்டர். மணலைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள வண்டல் இறங்கி முதல் மாதத்திலேயே அடைக்கும். மேலே ஒளி புகும் தகட்டுக் கூரை, பக்கங்கள் திறந்தபடி. கூரை இல்லாவிட்டால் ஒரு மழை மூன்று வார வேலையைக் கெடுத்துவிடும்.

லாரிக் குழாயை நேராக மணலில் விடாதீர்கள், குழி பறித்துவிடும். கம்பி இடைவெளி ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உள்ள சல்லடை வழியாக, ஒரு சிமென்ட் பலகை மேல் விழுந்து பரவும்படி விடுங்கள். துணி, நாப்கின், ஷாம்பு உறை எல்லாம் சல்லடையில் நின்றுவிடும். இதைத் தவிர்த்தால் பின்னால் உரத்தில் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

முதல் இரண்டு மூன்று நாளில் தண்ணீரின் பெரும்பங்கு மணல் வழியே வடிந்துவிடும். அதற்கப்புறம் ஆவியாவது மட்டும்தான், மெதுவாக. வறண்ட காலத்தில் இரண்டு முதல் மூன்று வாரத்தில் மேற்பரப்பு உள்ளங்கை அகலத் துண்டுகளாக வெடிக்கும். வெடிப்பு அடி மணல் வரை இறங்கி, துண்டின் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு, மண்வெட்டியில் எடுத்தால் மணலை விட்டு அப்பளமாக உரிந்து வந்தால் அள்ளலாம். 25 சென்டிமீட்டராக விட்டது அப்போது ஒன்றரை சென்டிமீட்டர் கூட இருக்காது. பாதிக்கும் மேல் இன்னும் ஈரம்தான். திடம் நூற்றுக்கு நாற்பது என்றால் ஒரு டேங்குக்கு 150 கிலோ கிடைக்கும். ஒவ்வொரு முறையும் கசடோடு கொஞ்சம் மணலும் போகும், சில சுற்றுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும்.

ஒரு வாரம் ஆகியும் மேலே தண்ணீர் தேங்கியே நின்றால் இரண்டில் ஒன்று. மணல் அடைத்துவிட்டது, அல்லது வந்த கசடு மிகவும் புதியது. மாதத்துக்கு ஒருமுறை காலி செய்யும் பொதுக் கழிப்பறைக் கசடு இன்னும் செரிக்காதது. தண்ணீரை விடவே விடாது, நாற்றமும் ஈயும் பெருகும். ஐந்து ஆண்டு தொட்டியில் கிடந்து செரித்தது அழகாகப் பிரியும். உங்களிடம் இருப்பது இரண்டாவது வகை என்பது நல்ல விஷயம். பக்கத்துப் பொதுக் கழிப்பறைக் கசடை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதன் அளவைப் போல இரண்டு மடங்கு பழைய கசடோடு கலந்து விடுங்கள்.

படுகைக்கு அடியில் வடியும் தண்ணீர் பார்க்கத் தெளிவாக, இளமஞ்சளாக இருக்கும். ஏமாற வேண்டாம். அம்மோனியாவும் கிருமிகளும் அதில் நிறையவே உண்டு. வாய்க்காலில் விடக்கூடாது. நாணல் நட்ட ஜல்லிப் படுகை வழியாகச் செலுத்தி, அதற்கப்புறம் மரங்களுக்கு மண்ணுக்கடியில் விடலாம். கிணறு இருக்கும் பக்கம் இந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

ஆறு டேங்கையும் ஒரே வறண்ட பருவத்தில், அடுத்தடுத்து இதே படுகையில் காயவைத்துவிடலாம். நான்கு மாதம் போதும். காய்ந்ததைக் கூரைக்கடியில் சேர்த்து வந்தால் மொத்தம் 900 கிலோ, ஏறத்தாழ 1.2 கன மீட்டர் இருக்கும். லாரிக்காரர் உரம் என்று சொல்வது இதைத்தான். கானா நாட்டின் குமாசி நகரில் இப்படிப் படுகையில் காய்ந்த கசடை ஆராய்ந்தபோது கிராமுக்குப் பத்துக்கணக்கில் புழு முட்டைகள் இருந்தன. அதையே சந்தைக் குப்பையோடும் வீட்டுக் குப்பையோடும் சேர்த்துக் குவித்து மட்கவைத்தார்கள். இரண்டரை மாதத்துக்குப் பின் உயிருள்ள முட்டை கிராமுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டியும் அதே எல்லையைத்தான் வைத்திருக்கிறது: உலர் எடையில் ஒரு கிராமுக்கு ஒரு முட்டைக்கும் குறைவாக, ஈ.கோலை பாக்டீரியா ஆயிரத்துக்கும் குறைவாக.

முட்டையைக் கொல்வது வெப்பம். வெப்பத்தை நாம் வெளியிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை, நுண்ணுயிர்களே உண்டாக்கிக்கொள்ளும். அதற்கு வேண்டிய கரிச்சத்து கசடில் போதாது, தழைச்சத்துதான் அதிகம். ஐந்து ஆண்டு செரித்ததில் எளிதில் எரியக்கூடியதெல்லாம் தொட்டியிலேயே தீர்ந்துவிட்டது. எனவே கசடு ஒரு பங்குக்கு, அளவில் மூன்று பங்கு மற்ற மட்கும் பொருள் சேர்க்க வேண்டும்: காய்ந்த இலை, வைக்கோல், நறுக்கிய சுள்ளி, காய்கறிக் கழிவு. காய்கறிக் கழிவு சூட்டைக் கிளப்பும், சுள்ளியும் வைக்கோலும் காற்றுக்கு இடம் விடும்; இரண்டும் வேண்டும். உங்கள் 1.2 கன மீட்டருக்கு 3.6 கன மீட்டர். அடிப்பரப்பு இரண்டரை மீட்டர் அகலம், உயரம் 1.4 மீட்டர், நீளம் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒரு குவியல் வரும். இதை விடச் சிறியதாகப் பல குவியல் போடாதீர்கள், சூடு நிற்காது. கீழே சிமென்ட் தரை, மேலே கூரை.

ஈரம் சரியா என்று பார்க்க, கையுறையோடு ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு தெரிந்தால் சரி. ஒழுகினால் வைக்கோல் சேர்க்க வேண்டும், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

அரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள கம்பி வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த வேலையில் மண்வெட்டிக்கு அடுத்து முக்கியமான கருவி அதுதான். தினமும் ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடத்தில் குத்திப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு முதல் நான்கு நாளில் 55 பாகையைத் தாண்ட வேண்டும். 65க்கு மேல் ஏறினால் வேலை செய்யும் நுண்ணுயிர்களே சாக ஆரம்பிக்கும், புரட்டிவிட்டுச் சூட்டைத் தணிக்கலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட திறந்த குவியலுக்கு வைத்திருக்கும் விதி எளிமையானது: 55 பாகையோ அதற்கு மேலோ 15 நாள், அந்த நாட்களுக்குள் குறைந்தது ஐந்து முறை புரட்டல். வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

புரட்டல் எதற்கு என்றால், குவியலின் வெளிப்பக்கம் ஒரு சாண் ஆழத்துக்கு எப்போதும் ஆறியே இருக்கும். நடுவில் 60 பாகை காட்டும்போது ஓரத்தில் 35 இருக்கலாம். ஓரத்து முட்டைக்கு ஒன்றும் ஆகாது. அதனால் சும்மா கிளறிவிடுவது புரட்டல் ஆகாது. ஓரத்தையும் மேல்பகுதியையும் முதலில் வழித்துத் தனியே வைத்து, நடுவை இடம் மாற்றிக் கொட்டி அதன் மையத்தைத் திறந்து, வழித்ததை உள்ளே போட்டு மூடுவதுதான் புரட்டல். ஐந்து முறை இப்படிச் செய்தால் ஏறக்குறைய எல்லாமே ஒரு முறையாவது சூட்டுக்குள் போய்வந்திருக்கும். புரட்டுகிற அன்று சூடு இறங்கும், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ மறுபடி ஏறும். குமாசியில் மூன்று நாளுக்கு ஒருமுறை புரட்டியதற்கும் பத்து நாளுக்கு ஒருமுறை புரட்டியதற்கும் இறுதியில் பெரிய வித்தியாசம் இல்லை. குவியல் நீண்ட நாள் சூடாகவே இருந்ததுதான் வேலை செய்தது. எனவே ஐந்துக்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

குவியல் சூடாகவே இல்லையென்றால் முதலில் பிழிந்து பாருங்கள், பெரும்பாலும் ஈரத்தில்தான் கோளாறு. ஈரம் சரி, ஆனாலும் சூடில்லை என்றால் சேர்த்தது வெறும் சுள்ளியும் சருகுமாக இருக்கும், பச்சைக் கழிவைச் சேர்த்துவிடுங்கள். மூக்கைக் குத்தும் அம்மோனியா வந்தால் தழைச்சத்து வீணாகிறது, காய்ந்த இலை சேர்க்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை, உடனே புரட்டுங்கள்.

சூடு மெல்ல இறங்கி, புரட்டித் தண்ணீர் தெளித்தும் மறுபடி ஏறாமல் நின்றால் முதல் கட்டம் முடிந்தது. அதன் பிறகு இரண்டு மாதம் தொடாமல் ஆற விடுங்கள். இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய கோளாறு, மட்காத கசடை அள்ளிய அதே மண்வெட்டியால் ஆறிய மட்கையும் அள்ளுவது. மூன்று மாத உழைப்பு அந்த ஒரு மண்வெட்டியில் போய்விடும். கைப்பிடியில் சிவப்பு வர்ணம் பூசியது மட்காத கசடுக்கு, பச்சை வர்ணம் மட்குக்கு என்று பிரித்து, வேறு வேறு சுவரில் மாட்டுங்கள். மட்கு வைக்கும் இடம் காய்படுகையை விட மேட்டில் இருக்க வேண்டும், மழைநீர் அங்கிருந்து இங்கே வரக்கூடாது.

மட்கு ஆகிவிட்டதா என்று பார்க்க, சற்று ஈரமாக்கி ஒரு பையில் காற்றுப் புகாமல் கட்டி மூன்று நாள் வைத்துத் திறங்கள். மண்வாசனை வந்தால் ஆகிவிட்டது; புளித்த வாடை அடித்தால் இன்னும் ஒரு மாதம். இது மட்கும் பக்குவத்துக்கான சோதனை மட்டுமே, முட்டைக்கு அல்ல. முட்டைக்கு ஆய்வகம்தான். மாதிரியை அடர்த்தியான உப்புக் கரைசலில் கலக்கி முட்டைகளை மிதக்கவைத்து எடுத்து, மிதமான சூட்டில் சில வாரம் வைத்து, உள்ளே புழு வளர்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வெறுமனே எண்ணிக்கை மட்டும் சொல்லும் ஆய்வகத்தில் செத்ததும் உயிருள்ளதும் சேர்ந்தே வரும். உயிருள்ளது எத்தனை என்று கேட்டு வாங்குங்கள். குவியலின் ஓரம், நடு, அடி எல்லா இடத்திலிருந்தும் எடுத்துக் கலந்து அனுப்புங்கள்.

ஆய்வகமும் இல்லை, வெப்பமானிக் குறிப்பிலும் ஓட்டை இருக்கிறது என்றால் காத்திருப்பதே வழி. ஆண்டு முழுவதும் 20 பாகைக்கு மேல் இருக்கும் வெப்ப நாட்டில், மழை படாமல், புதுக் கசடு சேர்க்காமல் ஒரு வருடத்துக்கு மேல் வைத்தால் உருளைப்புழு முட்டைகளும் ஏறக்குறைய முழுவதும் செத்துவிடும். குளிர்ந்த இடங்களில் ஒன்றரை முதல் இரண்டு வருடம். சுண்ணாம்பு பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1,000 லிட்டர் கசடுக்கு ஏறத்தாழ மூன்று கிலோ நீற்றிய சுண்ணாம்பு கலந்து, காரத்தன்மையைப் பிஎச் 12இல் அரைமணி நேரம் நிறுத்தினால் பாக்டீரியாவும் நாற்றமும் நன்றாகக் குறையும். ஆனால் புழு முட்டைக்கு அது போதாது. அவசரத்துக்கு உதவும், மட்கவைப்பதற்கு மாற்றாகாது என்பது என் கருத்து.

கன உலோகம் பற்றிக் கவலைப்பட வேண்டுமா? வீட்டுக் கசடில் பொதுவாக அது பெரிய சிக்கல் இல்லை. ஆனால் லாரி நேற்று எங்கே போயிருந்தது என்று கேளுங்கள். பட்டறை, முலாம் பூசும் இடம், பேட்டரிக் கடைத் தொட்டிகளைக் காலி செய்த லாரியில் அடியில் மிச்சம் இருக்கும், அது உங்கள் படுகைக்கு வரும். வெப்பமும் காலமும் உலோகத்தை ஒன்றும் செய்யாது. அப்படிப்பட்ட ஒரு லோடு வந்துவிட்டால் அந்தப் படுகைக் கசடைத் தனியே ஒதுக்கிவிடுங்கள், குவியலில் சேர்க்காதீர்கள்.

கடைசியில் குவியல் பாதிக்கும் கீழே வற்றிவிடும். ஒரு சென்டிமீட்டர் சல்லடையில் சலித்து, மட்காத சுள்ளியை அடுத்த குவியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையில் நிற்பது இரண்டு கன மீட்டருக்குச் சற்று மேலே, ஒரு டன்னுக்கு மேல். இதை ரசாயன உரத்துக்கு இணையாக எண்ணினால் ஏமாற்றம்தான். தழைச்சத்து நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில் இருக்கும், அதுவும் மெதுவாகத்தான் கிடைக்கும். மணல் நிலத்தில் ஈரத்தைப் பிடித்துவைப்பதும் களி நிலத்தை இளகச் செய்வதும்தான் அதன் வேலை. சதுர மீட்டருக்கு ஒரு கிலோ போட்டு மேல்மண்ணோடு கொத்திக் கலந்தால், உங்கள் முப்பது வீட்டின் ஓராண்டு விளைச்சல் ஆயிரம் சதுர மீட்டருக்கு வரும். பழ மரம், பூச்செடி, தானியம், தீவனப் பயிர் என்றால் தயங்காமல் போடலாம். பச்சையாகத் தின்னும் கீரைக்கும் மண்ணுக்குள் விளையும் முள்ளங்கி, கேரட்டுக்கும் முதல் ஆண்டு வேண்டாம். ஆய்வக முடிவு கையில் வந்த பிறகு போடுங்கள், அப்போதும் போட்டதற்கும் பறிப்பதற்கும் இடையே ஒரு மாதமாவது விடுங்கள்.